ஒரே வீடியோ, இரண்டு மொழி: பார்ப்பவர் தடுமாறாமல் ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கூட்டம். யூபிஐ மோசடி பற்றி ஆறு நிமிட விளக்க வீடியோ ஒன்றைப் பெரிய திரையில் போடப்போகிறார்கள். முன்வரிசையில் ஊரிலிருந்து பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள். அவர்களுக்குத் தமிழ் மட்டும்தான். பின்வரிசையில் ஒடிசாவிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம் தெரியும். நடுவில் இரண்டும் தெரிந்த கூட்டம்.

இவர்களுக்கு வீடியோ எந்த மொழியில் இருக்க வேண்டும்?

யூடியூபில் ஒரே வீடியோவுக்குப் பல மொழிகளில் ஒலித்தடம் சேர்க்கும் வசதி வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து பார்ப்பவர் தனக்கு வேண்டிய மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் கூட்ட அரங்கில், வங்கிக் கிளையின் காத்திருப்புப் பகுதியில், பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தேர்வுக்கு இடமில்லை. எல்லோருக்கும் ஒரே ஒலிதான். இங்கேதான் ஒரு பகுதி தமிழில், அடுத்த பகுதி ஆங்கிலத்தில் என்று மாறிமாறிப் போகும் வீடியோ தேவைப்படுகிறது.

இதை எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு பக்கத்தில் ஒன்றில் விழுகிறார்கள். ஒன்று, ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லி உடனே ஆங்கிலத்திலும் சொல்வது. இதில் யாரும் விடுபடுவதில்லை. ஆனால் வீடியோ இரு மடங்கு நீளும், இரண்டும் தெரிந்தவர் இரண்டாவது நிமிடத்திலேயே போனை எடுத்துவிடுவார். மற்றொன்று, பாதி விஷயத்தைத் தமிழிலும் மீதியை ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டுப் போய்விடுவது. இதில் நீளம் குறையும், ஆனால் ஒரு மொழி மட்டும் தெரிந்தவருக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே போகிற வழி ஒன்று இருக்கிறது: முழுவதையும் திருப்பிச் சொல்லாமல், தவறவிட்டால் நஷ்டம் தரும் செய்தியை மட்டும் இரண்டு மொழியிலும் சொல்வது, மற்றதை ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக நிற்கும்படி எழுதுவது. சொல்ல எளிது. எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. அந்த ஆறு நிமிட வீடியோவையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

எந்தப் பகுதி எந்த மொழியில்?

முதலில் விஷயம். பழைய சோபாவை விற்க மீனா என்பவர் இணையத்தில் விளம்பரம் தருகிறார் (மீனா நம் ஸ்கிரிப்டுக்காக உண்டாக்கிய ஆள்). ஒருவன் போன் செய்கிறான். ராணுவத்தில் வேலை, வேறு ஊருக்கு மாற்றல், நேரில் வர முடியாது, பணத்தை இப்போதே அனுப்புகிறேன் என்கிறான். ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ‘இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் வந்துவிடும்’ என்கிறான். மீனா போடுகிறார். 8,000 ரூபாய் வருவதற்குப் பதிலாகப் போகிறது. நாட்டில் பலர் ஏமாந்த பழைய தந்திரம் இது.

இந்த விஷயத்தை ஆறு நிமிடத்துக்குள் இப்படிப் பிரிக்கலாம். முதல் அரை நிமிடம் இரண்டு மொழியிலும் அறிமுகம். 0:30 முதல் 1:30 வரை மீனாவின் கதை, ஆங்கிலத்தில். 1:30 முதல் 2:45 வரை பின், க்யூஆர் கோடு இரண்டும் உண்மையில் எதற்கு என்ற விளக்கம், தமிழில். 2:45 முதல் 3:35 வரை இதே தந்திரம் போட்டு வரும் வேறு வேடங்கள், ஆங்கிலத்தில். 3:35 முதல் 4:50 வரை போன் திரையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது, தமிழில். 4:50 முதல் 5:50 வரை பணம் போய்விட்டால் செய்ய வேண்டியவை, இரண்டு மொழியிலும். கடைசிப் பத்து விநாடி முடிவு அட்டை.

கதை ஏன் ஆங்கிலத்தில் என்று தோன்றலாம். கதை தமிழில், விளக்கம் ஆங்கிலத்தில் என்பதுதான் பெரும்பாலானவர்களின் கை தானாகப் போகும் வழி. அதில் ஒரு கெடுதல் உண்டு. கதையைப் படமே பாதி சொல்லிவிடும். சோபா, போன் அழைப்பு, ஸ்கேன், முகம் மாறும் மீனா என்று காட்சியாகவே ஓடுவதால், ஆங்கிலம் தெரியாத பெரியவரும் கீழே ஓடும் தமிழ் வசனத்தோடு அதைப் பிடித்துக்கொள்வார். விளக்கம் அப்படி அல்ல. ‘ஸ்கேன் செய்பவர்தான் பணம் கொடுப்பவர்’ என்ற கருத்தைக் காட்டப் பெரிய படம் எதுவும் இல்லை, காதால்தான் கேட்க வேண்டும். அந்த இடத்தை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால், அதிகம் ஏமாறக்கூடியவருக்கு அதிகம் தேவையான பகுதி பறிபோகிறது. படம் தாங்கும் இடத்தில் யாருக்குக் கடினமான மொழி வந்தாலும் பரவாயில்லை. சொல் மட்டுமே தாங்கும் இடத்தில் அந்தச் சொல் யாருக்குத் தேவையோ அவருடைய மொழியில் இருக்க வேண்டும்.

இதே கணக்கில்தான் போன் திரை பற்றிய பகுதியும் தமிழுக்கு வந்தது. செயலியின் திரையில் உள்ள வார்த்தைகள் பெரும்பாலானோர் போனில் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆங்கிலம் தெரிந்தவர் அதைத் தானே படித்துக்கொள்வார். படிக்க முடியாதவருக்குத்தான் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

பகுதியின் நீளமும் முக்கியம். பத்து விநாடிக்கு ஒரு முறை மொழி மாறினால் காது ஓயாது அலையும். இரண்டு, மூன்று நிமிடம் ஒரே மொழியில் போனால் மற்றவர் ‘இது எனக்கானது இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார். முக்கால் நிமிடம் முதல் ஒன்றேகால் நிமிடம் வரை வசதியான அளவு. ஒரு கருத்து முடிவதற்கும் அது போதும்.

மாறும் அந்த மூன்று விநாடி

பார்ப்பவர் தடுமாறுவது பகுதியின் நடுவில் அல்ல, இரு பகுதிகளின் எல்லையில்தான். எனவே ஸ்கிரிப்டில் அதிகக் கவனம் போக வேண்டியதும் அங்கேதான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் பேச்சுத் தமிழில் ஆங்கிலச் சொற்கள் தாராளமாக இருக்கின்றன. ‘அக்கவுண்ட்ல பேலன்ஸ் செக் பண்ணுங்க’ என்பது தமிழ் வாக்கியம்தான். ஆனால் தமிழ் தெரியாதவர் காதில் முதல் மூன்று சொல்லும் ஆங்கிலமாகத்தான் விழும். ஆங்கிலப் பகுதி தொடர்கிறது, உச்சரிப்புதான் புரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் மாறியது சட்டென்று பிடிபடாது. அதனால் தமிழ்ப் பகுதியின் முதல் வாக்கியத்தில் மட்டும் ஆங்கிலச் சொல்லே வராமல் எழுதுங்கள். இலக்கணத் தமிழ் வேண்டியதில்லை, வீட்டில் பேசும் தமிழ் போதும். இரண்டாவது வாக்கியத்திலிருந்து வழக்கம்போல் எழுதலாம்.

இரண்டாவது சிக்கல், சுட்டுச் சொற்கள். ‘அதனால்தான் அவன் அப்படிச் சொன்னான்’ என்று ஒரு பகுதி தொடங்கினால், முந்தைய பகுதியை முழுதாகப் புரிந்துகொள்ளாதவருக்கு ‘அது’ எது, ‘அவன்’ யார் என்று தெரியாது. எல்லையைத் தாண்டியதும் பெயரைச் சொல்லியே தொடங்க வேண்டும்.

மூன்றாவது, முந்தைய பகுதியின் சாரத்தை ஒரே மூச்சில் புது மொழியில் சொல்வது. இதைப் பாலம் என்று சொல்லலாம். ஐந்து முதல் எட்டு விநாடிக்கு மேல் போகக் கூடாது. நம் வீடியோவில் 1:30-ல் ஆங்கிலக் கதை முடிந்து தமிழ் விளக்கம் தொடங்கும் இடத்தை இப்படி எழுதலாம்:

“மீனா ஏமாந்துட்டாங்க. பணம் வரும்னு நம்பி பின் நம்பரைப் போட்டாங்க, எட்டாயிரம் ரூபாய் போயிடுச்சு. பணம் வர்றதுக்கு எதுக்கு பின் நம்பர்? வேண்டவே வேண்டாம்.”

முதல் வாக்கியம் இரண்டே சொல், இரண்டும் தமிழ். மொழி மாறியது காதுக்குத் தெரிந்துவிட்டது. ‘அவங்க’ என்று இல்லாமல் பெயரோடு தொடங்குகிறது. அடுத்த வாக்கியம் ஒரு நிமிடக் கதையின் சாரம். இரண்டும் தெரிந்தவருக்கு இது சலிப்பூட்டும் திருப்பல் ஆகாது, ஏனென்றால் அடுத்து வரும் கேள்விக்கு அது படிக்கட்டாக இருக்கிறது. கதையைத் தவறவிட்ட தமிழ்ப் பெரியவரும் இந்த எட்டு விநாடியில் வண்டியில் ஏறிவிடுகிறார்.

அந்தக் கேள்வி எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஆங்கிலப் பகுதியின் கடைசியில் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தமிழ்ப் பகுதியில் விடை சொன்னால் விறுவிறுப்பாக இருக்கும் என்று தோன்றும். எடிட்டருக்கும் பிடிக்கும். ஆனால் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குக் கேள்வி இல்லாத விடையும், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு விடை இல்லாத கேள்வியும்தான் மிஞ்சும். கேள்வியும் விடையும் ஒரே மொழிப் பகுதிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் முடிந்துவிட்டது என்று குரலே சொல்லும்படி, இறங்கு தொனியில் ஒரு முழு வாக்கியத்தோடு முடிய வேண்டும்.

கண்ணுக்கும் ஓர் அடையாளம்

காதுக்குச் செய்ததைக் கண்ணுக்கும் செய்ய வேண்டும். திரையின் மேல் மூலையில் ஒரு சின்னப் பட்டை: தமிழ்ப் பகுதி முழுக்க ‘தமிழ்’ என்றும், ஆங்கிலப் பகுதி முழுக்க English என்றும், வேறு வேறு நிறத்தில். மாறும்போது ஒரு விநாடி மட்டும் மின்னி மறையும் பட்டையால் பயனில்லை. நடுவில் வந்து உட்கார்ந்தவருக்கும் தெரியும்படி அது கடைசிவரை நிற்க வேண்டும். முதல் அரை நிமிட அறிமுகத்திலேயே இந்தப் பட்டையைக் காட்டி, ‘இந்த வீடியோ தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் மாறி மாறி வரும், உங்க மொழி வராத நேரத்துல கீழே எழுத்துல பாருங்க’ என்று இரு மொழியிலும் சொல்லிவிட்டால், பின்னால் வரும் மாற்றம் எதுவும் யாரையும் திடுக்கிட வைக்காது.

குரல் ஒன்றா இரண்டா? செலவு தாங்குமானால் இரண்டு. தமிழுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர் என்றால் குரலே மொழியின் அடையாளம் ஆகிவிடும். ஒரே குரல்தான் என்றால், எல்லையில் ஒரு விநாடி மௌனத்தை ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் எடிட்டர் அதை வெட்டிவிடுவார், வெட்டுவது அவர் வேலை.

மாறும் நொடியில் மொழியோடு படமும் மாறினால் பார்ப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. முந்தைய பகுதியின் கடைசிக் காட்சியை, நம் வீடியோவில் என்றால் மீனா போனை வெறித்துப் பார்க்கும் காட்சியை, தமிழ்க் குரல் தொடங்கிய பிறகும் இரண்டு விநாடி அப்படியே நிறுத்தி வையுங்கள். மொழி மாறியது, ஆள் அதே மீனாதான் என்று தெரிந்த பிறகு புதுக் காட்சிக்குப் போகலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற வேண்டும்.

இவை எல்லாம் எழுத்தில் இருக்க, வழக்கமான இரண்டு பத்தி ஸ்கிரிப்ட் போதாது. இடது பக்கம் காட்சி, வலது பக்கம் ஒலி என்று எழுதும் அந்த வடிவத்தில் இன்னும் இரண்டு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று ‘மொழி’, மற்றொன்று ‘திரையில் எழுத்து’. குரல் கொடுப்பவர் முதல் பத்தியைப் பார்த்துத் தன் பங்கைத் தெரிந்துகொள்வார். வசனம் சேர்ப்பவருக்கு இரண்டாவது பத்தி.

எழுத்து: மூன்று மொழி ஆகாமல்

ஆங்கிலப் பகுதி ஓடும்போது கீழே தமிழ் வசனம், தமிழ்ப் பகுதி ஓடும்போது கீழே ஆங்கில வசனம். இதுதான் விதி. பேசுவதையே அதே மொழியில் கீழேயும் போட்டு, அதற்குக் கீழே இன்னொரு மொழியையும் அடுக்கினால் கண் எதைப் படிப்பது என்று திண்டாடும். காது கேளாதவர்களுக்கு அதே மொழி எழுத்தும் வேண்டும்தான். அதை யூடியூபில் வேண்டியவர் மட்டும் போட்டுக்கொள்ளும் தனி வசனக் கோப்பாகக் கொடுக்கலாம். யூடியூபின் தானியங்கி வசனத்தை இதற்கு நம்ப வேண்டாம். அது ஒரு வீடியோவுக்கு ஒரு மொழியையே எதிர்பார்க்கும். மற்ற மொழி வரும் இடத்தில் ஏதாவது பொருந்தாத சொற்களைக் கொட்டிவிடும், அல்லது வெறுமையாக விட்டுவிடும்.

வசனக் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்புதான். ஆங்கிலக் கதைப் பகுதியின் நடுவில் வரும் தமிழ் வசனம் ஒன்று இப்படி இருக்கும்:

```
9
00:00:58,000 --> 00:01:01,500
“இதை ஸ்கேன் செய்யுங்கள்,
பணம் வந்துவிடும்” என்கிறான்.
```

மேலே வரிசை எண், அடுத்து தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன் கீழ் இரண்டு வரி. இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். தமிழ் எழுத்து அகலமானது. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் திரையின் ஓரத்தைத் தொட்டுவிடும். அதனால் குரல் சொல்வதை எல்லாம் மொழிபெயர்க்காமல் சாரத்தை மட்டும் போட வேண்டும். கோப்பை UTF-8 என்ற வடிவில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் இருக்கும் இடத்தில் கேள்விக்குறிகளும் கட்டங்களும் வரும்.

எழுத்தைப் படத்தின் மேலேயே பதிக்கும்போது வேறொரு கோளாறு வரும். சில எடிட்டிங் மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் குலைந்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, ‘கொடுக்காதீர்கள்’ என்று ஒரு சொல்லை அடித்துப் பார்ப்பது. முதல் எழுத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய் நின்றாலோ, காலோடு ஒட்டிக்கொண்டாலோ அமைப்பு சரியில்லை. தமிழ் படிக்கத் தெரியாத எடிட்டருக்கு இது கண்ணில் படாது, ஸ்கிரிப்ட் எழுதியவர்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம், நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு என்பதிலிருந்து வருகிறது. குரல் ‘போடாதீங்க’ என்கிறது. திரையில் ‘உள்ளிடுவதைத் தவிர்க்கவும்’ என்று இருக்கிறது. கூடவே ஆங்கிலம். இப்போது வீடியோவில் இருப்பது இரண்டு மொழி அல்ல, பார்ப்பவருக்கு அது மூன்று. குரலில் பேச்சுத் தமிழ் இருக்கலாம், எழுத்தில் எழுத்துத் தமிழ் இருக்கலாம். ஆனால் இரண்டிலும் ஒரே வேர்ச்சொல் வர வேண்டும்: குரலில் ‘போடாதீங்க’ என்றால் திரையில் ‘போடாதீர்கள்’.

பெயர்களுக்கும் அதே கட்டுப்பாடு. ஆங்கிலப் பகுதியில் ‘பின்’, தமிழ்ப் பகுதியில் ‘இரகசியக் குறியீட்டு எண்’, திரையில் UPI PIN என்று மூன்று பெயர் வந்தால், மூன்று வேறு பொருள் என்று நினைத்துவிடுவார்கள். ஸ்கிரிப்ட் எழுதும் முன்பே இத்தகைய சொற்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயரை முடிவு செய்துவிட வேண்டும். முடிவு செய்யும் அளவுகோல் பார்ப்பவரின் போன் திரை. அதில் ENTER UPI PIN என்று இருக்கிறதா, தமிழ்க் குரலும் ‘யூபிஐ பின்’ என்றே சொல்லட்டும். போனை எடுத்துப் பார்க்கும்போது அவர் தேட வேண்டியது அந்த எழுத்துகளைத்தான். அதே பக்கத்தில் எவ்வளவு பணம், யாருக்குப் போகிறது என்பதும் இருக்கும். போன் திரை பற்றிய தமிழ்ப் பகுதி முழுக்க, இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டி, ‘இந்தப் பக்கம் வந்தாலே, பணம் உங்களிடமிருந்து போகப்போகிறதா என்று பாருங்கள்’ என்று சொல்வதற்குத்தான்.

இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டியது

எதை இரண்டு முறை சொல்வது என்பதற்கு ஒரே கேள்விதான்: இதைத் தவறவிட்டால் பார்ப்பவருக்கு நஷ்டமா? நம் வீடியோவில் அப்படி இரண்டே செய்திகள். பணம் வாங்க பின் தேவையில்லை என்பது ஒன்று. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், cybercrime.gov.in என்ற தளத்தில் புகார் பதிய வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இதற்கு மேல் சேர்க்கச் சேர்க்க, வாக்கியத்துக்கு வாக்கியம் திருப்பிச் சொல்லும் பழைய வழிக்கே போய்விடுவோம்.

இரண்டு மொழியிலும் சொல்லும்போது இரண்டும் ஒரே பொருளைத் தர வேண்டும். இது தானாக நடக்காது. ‘பின் போட்டாலே பணம் போயிடும்’ என்று தமிழில் எழுதினால் அழுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் செயலி பின் கேட்கும், அதில் பணம் போகாது. நேற்று பின் போட்டுக் கணக்கு பார்த்தவர், வீடியோ சொல்வது தவறு என்று நினைத்து மீதியையும் நம்பாமல் விடுவார். ‘பணம் வர பின் வேண்டாம்’ என்பது எப்போதும் உண்மை. ஆங்கிலத்திலும் அதே: ‘நோ பின் டு ரிசீவ் மனி’. இரண்டும் ஒரே அளவு, ஒரே பொருள், ஒரே படத்தின் மேல் எழுதலாம்.

1930-ஐ எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் ‘நைன்டீன் தர்ட்டி’ என்றால் ஆண்டு போல் ஒலிக்கும். தமிழில் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது’ என்றால் போனில் அழுத்த வேண்டிய இலக்கங்களை மனதுக்குள் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் இலக்கம் இலக்கமாகவே சொல்லுங்கள்: ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். குரல் கொடுப்பவர் தன் வழக்கப்படி படித்துவிடாமல் இருக்க, ஸ்கிரிப்டிலும் எண்ணாக எழுதாமல் எழுத்தாலேயே எழுதுங்கள். திரையில் மட்டும் 1930 என்ற எண், தமிழ்க் குரலின்போதும் ஆங்கிலக் குரலின்போதும் நகராமல், நிறம் மாறாமல் ஒரே இடத்தில்.

நேரக் கணக்கு

சொல்லின் எண்ணிக்கையை வைத்து இரு மொழிக்கும் நேரம் ஒதுக்காதீர்கள். தமிழில் வேற்றுமை, காலம், இடம் எல்லாம் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் பத்துச் சொல் எடுக்கும் செய்தி தமிழில் ஐந்தாறு சொல்லில் முடிந்துவிடும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் நீளம். சொல் குறைவாக இருக்கிறதே என்று தமிழ்ப் பகுதிக்குக் குறைந்த நேரம் கொடுத்தால், குரல் கொடுப்பவர் ஓட வேண்டியிருக்கும். அதுவும் மெதுவாகக் கேட்க வேண்டிய பெரியவர்களுக்கான பகுதியில். சரியான அளவு கடிகாரம்தான். வாய்விட்டுப் படித்து, காட்சிக்காக நிற்கும் இடங்களில் நின்று, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நீண்டால் வேகத்தைக் கூட்டாமல் வாக்கியத்தை வெட்டுங்கள்.

யூடியூபில் ஏற்றும்போது விளக்கப் பகுதியில் ஒவ்வொரு பகுதியின் தொடக்க நேரத்தையும் எழுதினால், வீடியோவின் பட்டை அத்தியாயங்களாகப் பிரியும். முதல் நேரம் 00:00 என்று இருக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் வரிசையாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடியாவது நீள வேண்டும். அத்தியாயத்தின் பெயரை அந்தப் பகுதியின் மொழியிலேயே எழுதுங்கள். தன் மொழிப் பகுதி எங்கே இருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும்.

எப்போது இது வேண்டாம்?

இரண்டு நிமிடத்துக்குள் முடியும் விஷயத்துக்கு இந்தப் பாடு தேவையில்லை. மொழி மாறுவதற்கான பாலமும் அறிவிப்புமே நேரத்தைத் தின்றுவிடும். தனித்தனியாக இரண்டு வீடியோ எடுப்பது மேல். முதலுதவி போல, ஒரு படியைத் தவறவிட்டாலும் ஆபத்து என்ற விஷயங்களையும் பகுதி பகுதியாகப் பிரிக்கக் கூடாது. அங்கே எல்லாமே தவறவிட்டால் நஷ்டம் தரும் செய்திதான், ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் முழு வீடியோ வேண்டும். எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் கூட்டத்தில் அதிகம் என்றால், கீழே ஓடும் வசனத்தை நம்பி எழுதிய இந்த முறை பாதிதான் பயன் தரும்.

எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ‘புரிந்ததா?’ என்று யாரையும் கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்பார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர், ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் என இருவரைத் தனித்தனியாக உட்கார வைத்து வீடியோவைக் காட்டிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். ஏமாற்றுகிறவன் என்ன செய்யச் சொன்னான்? பணம் வர பின் வேண்டுமா? பணம் போனால் எந்த எண்? இருவரும் மூன்றுக்கும் ஒரே விடை சொன்னால் ஸ்கிரிப்ட் நிற்கிறது. ஒருவர் எந்தக் கேள்வியில் தடுமாறுகிறாரோ, அதற்கான பகுதியின் மறுமொழிப் பாலத்தில்தான் ஓட்டை.

இதற்கு முன்பே, ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. குரல் பதிவுக்கு அனுப்பும் முன் ஸ்கிரிப்டில் ஆங்கிலப் பகுதிகளை எல்லாம் தாளால் மறைத்துவிட்டுத் தமிழை மட்டும் தொடர்ச்சியாகப் படியுங்கள். பிறகு தமிழை மறைத்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் படியுங்கள். இரண்டும் தனித்தனியாக, குறைந்தபட்ச அளவிலாவது, ஆளைக் காப்பாற்றும் செய்தியைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பதிவுக்கு அனுப்பாதீர்கள். பாலத்தைத் திருத்தி எழுதுங்கள்.